சாமி வந்தது, கலை வந்தது, பொசெஷன்: கட்டுரையில் யாருடைய சொல்லை வைப்பது?

நிலா_வெள்ளவத்தை

வணக்கம். கொழும்பு வடக்கில் உள்ள ஓர் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பிறகு வாக்குச் சொல்லும் ஒரு பெண்மணியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, வெளிநாட்டு மானிடவியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். திருத்தித் தரும்படி திரும்பி வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். ஒருவர், "துறையில் நிலைபெற்ற சொல் பொசெஷன், கட்டுரை முழுவதும் அதையே சீராக எழுதுங்கள்" என்கிறார். மற்றவர், "பொசெஷன், ட்ரான்ஸ் என்று எழுதியதில் அங்குள்ளவர்களின் உலகம் காணாமல் போகிறது, அவர்கள் சொல்லையே எழுதுங்கள்" என்கிறார்.

எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் மனதுக்கு ஒத்துவருகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால், "அவர்கள் சொல்" என்று ஒன்று இல்லை. அந்த அம்மாவின் குடும்பம் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் "சாமி வந்திருச்சு" என்பார்கள், முடிந்ததும் "மலையேறிருச்சு" என்பார்கள். வெள்ளவத்தையிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் "கலை வந்திட்டுது" என்கிறார்கள். உடுக்கு அடிப்பவர் மட்டக்களப்பு. அவருக்கு அது "தெய்வம் ஏறுறது", வாக்குச் சொல்வது "கட்டுச் சொல்றது". ஐயர் "ஆவேசம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பரிபாலன சபைக்காரர் "அருள்" என்கிறார். வருகிற சிங்களவர்கள் "ஆரூட" என்கிறார்கள். ஒரே மண்டபம், ஒரே அரை மணி நேரம்.

சிக்கலான பந்தியைத் தமிழில் தருகிறேன்:

"பூசை முடிந்ததும் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ட்ரான்ஸ் நிலைக்குள் சென்றார். அவர் அம்மனால் ஆட்கொள்ளப்பட்டதாக அடியார்கள் நம்பினர். அந்த நிலையில் அவர் பலருக்குக் குறி சொன்னார். சற்று நேரத்தில் சுயநினைவுக்குத் திரும்பினார்."

இதை எப்படித் திருத்துவீர்கள்?

ஜெயசீலன்

இதற்கு 1954-இலேயே கென்னத் பைக் வழி சொல்லிவிட்டார். எமிக், எட்டிக் என்று இரண்டு. உள்ளே இருப்பவர்கள் சொல்லும் சொல் எமிக், ஆய்வாளர் சொல் எட்டிக். விவரிக்கும் பகுதியில் எமிக், பகுப்பாய்வில் எட்டிக். உங்கள் கட்டுரையின் முதல் பாதியில் "சாமி வருதல்", இரண்டாம் பாதியில் "பொசெஷன்". இரண்டு மதிப்பீட்டாளருக்கும் பதில் சொல்லியாயிற்று.

எந்த உள்ளூர்ச் சொல் என்றால், பெரும்பான்மையானவர்கள் சொல்வதை எடுங்கள். மற்றவற்றை அடிக்குறிப்பில் போடலாம்.

அச்சுக்கூடம்

நான் ஆய்விதழ்களுக்குப் படி திருத்துபவன். தமிழ்ச் சொல்லை ஆங்கிலக் கட்டுரையில் வைப்பதென்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறையையே பின்பற்றுங்கள். குறில் நெடில் வேறுபாட்டுக்கு மேற்கோடு, றகரத்துக்கும் ரகரத்துக்கும் தனித்தனிக் குறி. முதல் தடவை மட்டும் சாய்வெழுத்து. பூசை மாதிரி ஆங்கில அகராதியில் ஏறிவிட்ட சொற்களுக்குச் சாய்வு வேண்டாம். இதைச் சரியாகச் செய்தால் மதிப்பீட்டாளர்கள் சொல்தேர்வைப் பற்றிக் கேள்வி எழுப்ப மாட்டார்கள்.

நிலா_வெள்ளவத்தை

நன்றி அண்ணா. எழுத்துப்பெயர்ப்பு பிரச்சினை இல்லை, அது அந்த முறைப்படிதான் இருக்கிறது. என் கேள்வி அதற்கு முந்தையது. எந்தச் சொல்லை எழுத்துப்பெயர்ப்பது, எதை எழுத்துப்பெயர்க்காமல் ஆங்கிலத்தில் சொல்வது என்பதுதான்.

ஜெயசீலன், பெரும்பான்மை என்று எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. ஆடி மாதத்தில் வருகிற கூட்டம் வேறு, சாதாரண வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு.

சுதா_முகத்துவாரம்

எங்கம்மாவுக்கு சாமி வரும். நான் பொறந்ததுலருந்து பாக்குறேன். அதனால ஒண்ணு சொல்லணும்.

அந்தப் பந்தியில என்னைய ரொம்பக் கஷ்டப்படுத்துனது ட்ரான்ஸ் கூட இல்ல. "நம்பினர்"ங்கிற சொல்லு. ஐயர் தீபாராதனை காட்டினதா எழுதுறப்ப "தீபாராதனை காட்டியதாக நம்பினர்"னு எழுதுவீங்களா? எங்க ஆளுங்க விஷயத்துக்கு மட்டும் "நம்பினர்", "கருதினர்" எல்லாம் வந்துருது. படிக்கிறவங்களுக்கு "இதெல்லாம் உண்மையில்ல, அதுங்க அப்பிடி நெனச்சுக்குதுங்க"ன்னு சொல்லாம சொல்ற மாதிரி இருக்கு.

அப்புறம் "சுயநினைவுக்குத் திரும்பினார்". எங்கம்மாவக் கேட்டா அவங்க எங்கயும் போகலன்னுதான் சொல்வாங்க. வந்தது சாமி, போனதும் சாமி. மலையேறுறது சாமி. அம்மா இருந்த எடத்துலயேதான் இருந்தாங்க. நீங்க எழுதியிருக்கிறது அப்பிடியே தலைகீழா இருக்கு. அம்மா எங்கயோ போயிட்டுத் திரும்பி வந்த மாதிரி.

கிழக்கு_மணி

பிள்ளைகளே, நான் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்று இப்போது தெகிவளையில் இருக்கிறேன். பிறந்தது மட்டக்களப்புப் பக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதா சொன்னது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். கட்டுரையில் உள்ள பிழையை அவர்தான் சரியாகத் தொட்டிருக்கிறார். யார் போகிறார், யார் வருகிறார் என்பது பந்தியில் மாறிக் கிடக்கிறது. அது பெயர்ச்சொல்லில் நடந்த பிழை இல்லை, வினைச்சொல்லில் நடந்தது. "ட்ரான்ஸ்" என்பதை எடுத்துவிட்டு "சாமி வருதல்" என்று வைத்தாலும், "நிலைக்குள் சென்றார், திரும்பினார்" என்ற வினைகள் இருக்கும்வரை அது வெளியாள் சொல்லும் கதையாகவே இருக்கும்.

ஜெயசீலன் பைக்கை எடுத்தது நல்லது, ஆனால் பாதிதான் எடுத்திருக்கிறார். உள்ளே இருப்பவர் வாயில் வரும் சொல்தான் எமிக் என்று பைக் சொல்லவில்லை. அவர் மொழியியலாளர். ஒலியியல், ஒலியனியல் என்ற இரண்டு சொற்களின் ஆங்கில வால்களை வெட்டி எடுத்துத்தான் இந்த இரண்டையும் ஆக்கினார். தமிழிலேயே பாருங்கள். "காகம்" என்று சொல்லும்போது முதல் ககரம் ஒரு மாதிரியும் இரண்டாவது ககரம் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. "தங்கம்" என்னும்போது இன்னொரு மாதிரி. தமிழ்ப் பிள்ளைக்கு மூன்றும் ஒரே க. இந்திக்காரருக்கு அவை ஒன்றல்ல. எந்த வேறுபாடு அந்த ஒழுங்குக்குள் பொருள் உள்ளது, எது இல்லை என்பதுதான் எமிக். அந்த வேறுபாட்டுக்கு உள்ளே இருப்பவரிடம் ஒரு சொல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அதனால் நிலா தேட வேண்டியது "எந்தச் சொல்" என்பதை அல்ல. அந்த மண்டபத்தில் இருப்பவர்கள் எதை எதிலிருந்து பிரிக்கிறார்கள் என்பதைத் தேட வேண்டும். சாமி, கலை, தெய்வம், அருள் என்று அவரவர் ஊர்ச் சொல்லைச் சொன்னாலும், எல்லோரும் ஒரே இடத்தில் ஒரு கோடு போடுவார்கள். நான் பார்த்த கோயில்களில் கர்ப்பூரம்தான் அந்தக் கோடு. உடம்பு அதிர்வது, தலைமுடி அவிழ்வது, கத்துவது எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். அது யாருக்கும் வரும், உடுக்குச் சத்தத்துக்கே வரும். உள்ளங்கையிலோ நாக்கிலோ கர்ப்பூரத்தைக் கொளுத்தி வைத்து, அது எரிந்து தணிந்த பிறகுதான் "வந்திருப்பது யார்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் வாக்குக் கேட்க வரிசை நிற்கும்.

இப்போது "ட்ரான்ஸ்" என்ற சொல் என்ன செய்கிறது பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. முதல் தடவை அதிர்ந்து விழும் சின்னப் பெண்ணும், ஆண்டுக்கணக்காக வாக்குச் சொல்லும் அம்மாவும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். அங்கே நிற்கும் ஒருவர்கூட அந்த இருவரையும் குழப்ப மாட்டார். ஒரு வெளிச்சொல்லை விட வேண்டுமா வைத்திருக்கலாமா என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். உள்ளே இருப்பவர்கள் பிரித்து வைத்திருப்பதை அது சேர்த்துவிட்டால், அந்த இடத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

நிலா, உங்கள் களக்குறிப்பில் கர்ப்பூரம் இருக்கிறதா?

நிலா_வெள்ளவத்தை

இருக்கிறது ஐயா. பூசாரி உள்ளங்கையில் வைத்தார். கட்டுரையில் நான் அதை வேறொரு பந்தியில், பூசைப் பொருட்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதியிருக்கிறேன்.

கிழக்கு_மணி

அதை அந்தப் பந்தியிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவாருங்கள். பூசைப் பொருளாக அது அந்த இடத்தில் இல்லை.

கொச்சிக்கடை_அன்ரனி

நான் கத்தோலிக்கன். உங்கள் கோயில் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் எத்தனை இந்துக்கள், பௌத்தர்கள் வருகிறார்கள் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு மாணவர் எழுதிய கட்டுரையை எனக்குக் காட்டினார். "பக்தர்கள் அந்தோனியார் சிலையை வழிபடுகின்றனர்" என்று இருந்தது. எனக்கு அது இரண்டு இடத்தில் குத்தியது. எங்களுக்கு அது சுரூபம். வழிபாடு கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம். சின்ன வயதில் ஞானோபதேசத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அங்கிள், வாசலில் நின்று நான் பேசிய கத்தோலிக்க அம்மாமார் எல்லோரும் 'அந்தோனியாரைக் கும்பிட வந்தோம்' என்றுதான் சொன்னார்கள். இந்துக்களும் அதையேதான் சொன்னார்கள். வணக்கம், வழிபாடு என்ற பிரிவை நீங்களும் பங்குச் சுவாமியும்தான் சொல்கிறீர்கள்." எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கடைசியில் "கும்பிடுகிறார்கள்" என்றே வைத்துக்கொண்டு, திருச்சபை அதை எப்படிப் பிரிக்கிறது என்று ஒரு வரி எழுதினார். ஆங்கிலத்தில் "கும்பிடு" என்பதற்கு என்ன போட்டார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சொல்ல வருவது, உள்ளேயும் மேலே கீழே இருக்கிறது. மணி ஐயா சொன்ன "எதை எதிலிருந்து பிரிக்கிறார்கள்" என்பதில், யார் பிரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசீலன்

அன்ரனி சொன்னது முக்கியமானது. அதனால்தான் கேட்கிறேன். உள்ளே இருப்பவர்களிடையே இவ்வளவு முரண்பாடு இருக்கும்போது, எந்தப் பக்கமும் சாராத ஒரு வெளிச்சொல் நல்லதல்லவா? "பொசெஷன்" என்றால் குறைந்தபட்சம் மட்டக்களப்பையும், கதிர்காமத்தையும், ஆப்பிரிக்காவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சொல்லிலேயே எழுதினால் மானிடவியல் என்று ஒன்று இருக்காது, ஊர்க்கதைகள்தான் இருக்கும்.

கிழக்கு_மணி

ஒப்பிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. "எந்தப் பக்கமும் சாராத" என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

பொசெஷன் என்ற சொல்லுக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. பிசாசு பிடிப்பது, பிசாசை ஓட்டுவது என்ற கிறிஸ்தவப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. 1849-இல் கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்துச் சாமியாட்டத்தைப் பற்றி எழுதியபோது பேயாட்டம், பேய் வழிபாடு என்றுதான் எழுதினார். ஐயர் "ஆவேசம்" என்று ஒரு சொல்லோடு கடந்து போவதும் ஒரு பக்கத்தில் நின்றுதான். ட்ரான்ஸும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 10-ஆம் பதிப்பில், ட்ரான்ஸும் பொசெஷனும் ஒரே தலைப்பின் கீழ் ஒரு கோளாறாக இருக்கின்றன. சமய வழக்கத்துக்குள் நடப்பதை அதில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பார்க்கும் வாசகருக்கு அந்த விலக்கு தெரிந்திருக்கப் போவதில்லை. அந்த அம்மாவின் பேரப்பிள்ளை நாளைக்கு இணையத்தில் தேடினால் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் முதலில் வரும்.

எல்லா வெளிச்சொல்லும் ஒன்றில்லை. தொண்ணூறுகளில் போர் நடந்த காலத்தில் மட்டக்களப்பில், காணாமல் போன பிள்ளையைப் பற்றிக் கேட்க எத்தனையோ தாய்மார் அம்மன் கோயிலில் தெய்வமாடுகிறவர்களிடம் போனார்கள். பற்றீசியா லோரன்ஸ் அதைப் பற்றி ஆய்வு செய்து எழுதினார். அவர் அவர்களுக்கு வைத்த பெயர் "ஒராக்கிள்". அது லத்தீனிலிருந்து வரும் சொல், எங்கள் ஊரில் யாரும் சொல்லாத சொல். ஆனால் அந்த மனிதரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று அது ஊகிக்கவில்லை. கேட்க வந்தவர்களுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்கிறது: வாக்குக் கொடுக்கிறார். கட்டுச் சொல்வது என்று எங்கள் ஊரில் சொல்வதற்கு அது அருகில் நிற்கிறது. 1974-இல் மானிடவியலாளர் கீர்ட்ஸ் அனுபவத்துக்கு அருகான சொல், தொலைவான சொல் என்று பேசியபோது, இது இரண்டு பெட்டி அல்ல, கூடக்குறைய இருக்கும் தூரம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே ஒப்பீட்டுக்கு வெளிச்சொல் வேண்டுமென்றால், உள்நிலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் செயலைச் சொல்லும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். பொசெஷனை எடுத்தால், அந்தப் பெயரில் முன்னே நடந்த விவாதங்களோடு பேசும் பகுதியில் மட்டும் எடுங்கள். அங்கே அது அந்த விவாதத்தின் பெயர், நிகழ்ச்சியின் பெயர் அல்ல.

சுதா_முகத்துவாரம்

ஐயா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். கர்ப்பூரம் எரிஞ்ச பெறகு மாறுறது இன்னொண்ணும் இருக்கு. கூப்புடுற மொறை.

எங்க கோயில்ல பூசாரி எங்கம்மாவ விட வயசுல சின்னவரு. மத்த நேரமெல்லாம் "அக்கா"ம்பாரு. கர்ப்பூரம் அணைஞ்ச ஒடனே "தாயே"ன்னு ஆரம்பிச்சுருவாரு. எங்கம்மாவும் அப்பிடித்தான். எங்க தாத்தாவையே "டேய் மகனே, நீ"ம்பாங்க, அவரு கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. மலையேறின பெறகு அதே தாத்தாவுக்கு "மாமா, தண்ணி குடிக்கிறீங்களா"ம்பாங்க. யாரும் யார்கிட்டயும் "இப்ப சாமி வந்துருச்சு, கவனிங்க"ன்னு சொல்றதில்ல. கூப்புடுற மொறைய வச்சே எல்லாருக்கும் தெரியும்.

நிலா_வெள்ளவத்தை

சுதா, இது என் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது! உடுக்குக்காரரும், யாழ்ப்பாணத்து அம்மாமாரும், பூசாரியும் பெயரை வேறு வேறாகச் சொன்னாலும் "தாயே", "அம்மாளே" என்று மாறும் நேரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இத்தனை ஊர்ச் சொல்லில் எதை எடுப்பது என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். விளி மாறும் இடத்தைக் காட்டிவிட்டால் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் அவசரம் பாதியாகக் குறைகிறது.

ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பெரிய சிக்கல் வருகிறது. "நீ"யும் "நீங்கள்"உம் அங்கே ஒன்று. இன்னொன்று, "ஷீ செட்" என்று எழுதினால் சொன்னது யார்? அந்தப் பெண்ணா, அம்மனா? எங்கள் பேச்சில் "அவ சொன்னா" என்றாலும் இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் கேட்பவருக்கு யார் என்று தெரியும். கட்டுரை வாசகருக்குத் தெரியாது.

சுதா_முகத்துவாரம்

"அம்மன் சொன்னாள்"னு எழுதுங்க. அங்க நடந்தது அதுதான்.

ஜெயசீலன்

அப்படி எழுதினால் அம்மன் பேசினாள் என்று கட்டுரையாசிரியரே சாட்சி சொல்வது போல ஆகும். பக்தி இதழுக்கு அது பொருந்தும். ஆய்விதழில், ஆசிரியர் என்ன ஏற்கிறார், என்ன ஏற்கவில்லை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். "நம்பினர்" என்பது சுதாவுக்கு வருத்தம் தருகிறது என்று புரிகிறது, ஆனால் அந்தச் சொல் அங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கிழக்கு_மணி

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் உண்டு. நான் செய்து பார்த்த ஒரு வழியைச் சொல்கிறேன். அது எல்லோருக்கும் பிடிக்காது.

கர்ப்பூரம் எரிந்து விளி மாறிய இடத்தை விவரித்த உடனே, கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம்: "இதன் பிறகு அங்கிருந்தவர்கள் பேச்சை அம்மனுடையதாக எடுத்து அதற்கேற்ப நடந்துகொண்டனர், இந்தப் பகுதியில் நானும் அவ்வாறே எழுதுகிறேன்." அதற்குப் பிறகு "அம்மன் சொன்னாள்". மலையேறிய இடம் வரும்போது மறுபடியும் அந்தப் பெண்ணின் பெயர், அதாவது நீங்கள் கொடுத்த புனைபெயர். "நடந்துகொண்டனர்" என்பதைக் கவனியுங்கள். என்ன நம்பினார்கள் என்று யாருடைய நெஞ்சுக்குள்ளும் போய்ப் பார்க்க முடியாது. எப்படி நடந்துகொண்டார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்ற தாத்தா உள்ளே என்ன நினைத்தார் என்று சுதாவுக்கும் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நீ", "நீங்கள்" விஷயத்தில் ஆங்கிலத்தில் வேறு வழி இல்லை. மூத்தவரை ஒருமையில் அழைத்தாள் என்று ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதுதான்.

நிலா_வெள்ளவத்தை

இன்று மாலை உட்கார்ந்து திருத்தினேன். தமிழில்:

"அபிஷேகத்துக்குப் பிறகு உடுக்கு வேகமெடுத்தபோது பார்வதியின் (புனைபெயர்) வலது தோள் அதிரத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற பெண் ஒருவர் அவர் கொண்டையை அவிழ்த்துவிட்டு, தன் முந்தானையால் அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். 'சாமி' என்றார் ஒருவர். 'கலை' என்றார் இன்னொருவர். பூசாரி, 'அக்கா, கையை நீட்டுங்க' என்று சொல்லி அவர் உள்ளங்கையில் கர்ப்பூரத்தைக் கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை கை அசையவில்லை. பிறகு பூசாரி, 'வந்திருக்கிறது யாரு தாயே?' என்று கேட்டார். 'உன் ஆத்தாடா' என்று பதில் வந்தது. இதன் பிறகு அங்கிருந்தவர்கள் பேச்சை அம்மனுடையதாக எடுத்து அதற்கேற்ப நடந்துகொண்டனர். இந்தப் பகுதியில் நானும் அவ்வாறே எழுதுகிறேன். அம்மன் ஒரு முதியவரை ஒருமையில் அழைத்து, அவர் மகளின் கலியாணத்தைப் பற்றிச் சொன்னாள். வரிசை முடிந்ததும் பூசாரி நெற்றியில் திருநீறு பூசி, எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிந்தார். பார்வதி உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். 'மலையேறிருச்சு' என்றார் அவருடைய மருமகள்."

"சாமி", "கலை", "மலையேறுதல்" மூன்றும் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். மற்றதெல்லாம் சாதாரண ஆங்கிலம்.

அச்சுக்கூடம்

"கலை" என்பதில் கவனம். தமிழ் தெரிந்த வாசகர் அகராதியில் பார்த்தால் ஓவியம், சிற்பம் என்றுதான் முதலில் கிடைக்கும். தெய்வத்தின் கூறு, ஆற்றல் என்ற பொருளைச் சொல்லகராதியில் சேர்த்துவிடுங்கள். "மலையேறுதல்" கட்டுரையில் மறுபடி வருகிறதா? ஒரே தடவை என்றால் ஆங்கிலத்திலேயே சொல்லிவிடலாம். திரும்பி வராத சொல்லை எழுத்துப்பெயர்ப்பில் வைத்தால் வாசகர் அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வீணாகக் காத்திருப்பார்.

நிலா_வெள்ளவத்தை

மறுபடி வருகிறது அண்ணா. முடிவுப் பகுதியில் நான் வாதிடுவதே அதை வைத்துத்தான். பெண் எங்கும் போகவில்லை, வந்து போவது அம்மன் என்ற சுதாவின் பேச்சு என் தகவலாளர்களிடமும் இருக்கிறது. அதனால் "திரும்பினார்" என்ற வினை கட்டுரையில் எங்குமே இப்போது இல்லை.

கிழக்கு_மணி

பந்தி நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடத்தைப் பாருங்கள். "கை அசையவில்லை" என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது பக்கத்தில் நின்றவர் சொன்னாரா? பார்த்திருந்தால் அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, அங்கிருந்த எல்லோரும் அப்படி நடந்துகொண்டார்களா?

நிலா_வெள்ளவத்தை

கையை நானே பார்த்தேன் ஐயா, அடுத்த வரிசையில்தான் நின்றேன்.

எல்லோரும் என்றால், இல்லை. பரிபாலன சபைச் செயலாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார், மண்டபத்துக்குள் வரவில்லை. ஒரு பெண், பார்வதிக்குத் தூரத்து உறவு, பிறகு என்னிடம் மெதுவாக "அது அம்மன் இல்ல, செத்துப்போன அவ மாமியாதான் வருது" என்றார்.

கிழக்கு_மணி

அப்படியானால் அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும். "அங்கிருந்தவர்கள்" என்று எழுத முடியாது. "வாக்குக் கேட்க நின்றவர்கள்" என்று எழுதலாம். செயலாளர் வாசலில் நின்றதும் நடந்துகொண்ட முறைதான், அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

மாமியார் விஷயம் கடினம். அந்த உறவுக்காரப் பெண்ணும் உள்ளே இருப்பவர்தான். வருவது ஒன்று வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, யார் என்பதில்தான். அவர் பேச்சை "அவநம்பிக்கை" என்று தலைப்பிட்டால் அதுவும் வெளியாள் வேலையாகிவிடும். நான் அதை எங்கே வைப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜெயசீலன்

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஒரே ஆளின் வாயில் வரும் பேச்சை ஒருவர் அம்மன் என்கிறார், ஒருவர் செத்த மாமியார் என்கிறார். கட்டுரை "அம்மன் சொன்னாள்" என்று எழுதினால் மாமியார் என்று சொன்ன பெண்ணுக்கு எதிராக ஆசிரியர் தீர்ப்புச் சொல்லியாயிற்று. "வந்தது பேசியது" என்று பெயர் சொல்லாமல் எழுதலாமே?

சுதா_முகத்துவாரம்

"வந்தது"ன்னு எழுதினா எங்க பக்கத்துல பேய்க்குச் சொல்ற மாதிரி ஆயிரும் அண்ணே. அது எல்லாத்தையும் விட மோசம்.

கொச்சிக்கடை_அன்ரனி

மாமியார் என்று சொன்னது பார்வதிக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், கட்டுரை வெளிவந்து யாராவது தமிழில் சொல்லிக் காட்டினால் குடும்பத்துக்குள் பிரச்சினையாகும். சொல்தேர்வுக்கு முன்னால் அதை யோசியுங்கள்.

நிலா_வெள்ளவத்தை

தெரியாது. உறவு முறையை நீக்கி, "இன்னொரு அடியார், வந்தது ஓர் இறந்த உறவினர் என்றார்" என்று மட்டும் எழுதினால் பாதுகாப்பா என்று பார்க்கிறேன். அதிலும் ஊகித்துவிடலாம். இன்னும் முடிவெடுக்கவில்லை.

தலைப்பிலும் சுருக்கத்திலும் "ஒராக்கிள்" என்று வைக்கிறேன். முக்கியச் சொற்களின் வரிசையில் "பொசெஷன்" இருக்கும், இல்லாவிட்டால் தேடுகிறவர்களுக்குக் கட்டுரை அகப்படாது. ட்ரான்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டேன். முதல் மதிப்பீட்டாளருக்கு எழுதும் பதிலில், சீராக இல்லாதது கவனக்குறைவால் இல்லை, எந்தப் பகுதியில் எந்தச் சொல், ஏன் என்று ஒரு பந்தியில் சொல்கிறேன். மாமியார் வரி இல்லாமல் மற்றதைப் பார்வதி அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். வரும் வெள்ளி போகலாமா?

சுதா_முகத்துவாரம்

வெள்ளி போகாதீங்க. அன்னைக்கு அவங்க விரதம், மனசெல்லாம் கோயில்லதான் இருக்கும், நீங்க என்ன வாசிச்சாலும் "சரி சரி"ம்பாங்க. ஞாயித்துக்கெழம காலையில, வேலையெல்லாம் முடிஞ்சப்பெறகு போங்க. மருமகளும் கூட இருக்கட்டும், "மலையேறிருச்சு"ன்னு சொன்னது அவங்கதானே. பந்தியில "முந்தானையால் கட்டினார்"ன்னு இருக்குல்ல, அது யாரு கட்டினதுன்னும் கேட்டு வச்சுக்கங்க. எங்க கோயில்ல அத யாரு வேணும்னாலும் செய்ய முடியாது, அதுக்குன்னு ஆள் இருக்கு.